தார்ப்பாய் கட்டிய மரத்தில் இடி விழுந்தது. பதிவேட்டில் என்ன எழுதுவது?

கண்மாய்க்கரை | 10 அக்டோபர் 2024, இரவு 9.40

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் நான். செவ்வாய்க்கிழமை பிற்பகல், கண்மாய்க்கு வரும் வரத்துக்காலைத் தூர்வாரிய இடத்தில் இடி விழுந்தது. ஆறு பேருக்கு அடி. ஐந்து பெண்கள், ஒரு பெரியவர். யாரும் சாகவில்லை. ஒரு அக்கா மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

திங்கட்கிழமைக்குள் விபத்து அறிக்கை தர வேண்டும். என்னிடம் கொடுத்த தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. வானிலை எச்சரிக்கை பெறப்பட்டதா? பணியிடத்தில் நிழற்கூடம் இருந்ததா? இரண்டுக்கும் "ஆம்" போடலாம், பொய் இல்லை. எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. புளியமரத்தில் கட்டிய நீலத் தார்ப்பாயும் இருந்தது. இடி விழுந்ததே அந்த மரத்தில்தான்.

"ஆம், ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. இப்படி ஒரு சம்பவத்தை எப்படிப் பதிவு செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டவெளி | 10 அக்டோபர் 2024, இரவு 10.15

மரத்தடியில் நிற்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. இரும்புதான் இடியை இழுக்கும். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு எல்லாவற்றையும் நூறடி தள்ளிப் போடச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் அப்பத்தா இடி இடித்தால் இரும்பு உலக்கையை வாசலில் எறிந்துவிட்டு "அர்ச்சுனா அர்ச்சுனா" என்று சொல்லும். போனையும் அணைத்துவிட வேண்டும். ஐம்பது பேர் கையிலும் போன் இருந்தால் இடி வராமல் என்ன செய்யும்?

கண்மாய்க்கரை | 10 அக்டோபர் 2024, இரவு 10.50

மரத்தடி ஆகாது என்று எனக்கும் தெரியும். அங்கே வேறு நிழல் கிடையாது என்பதும் தெரியும். அந்தத் தார்ப்பாய் வெயிலுக்குக் கட்டியது. சட்டத்தில் பணித்தளத்துக்குச் சொல்லியிருப்பது குடிதண்ணீர், ஓய்வுக்கும் குழந்தைகளுக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி. வெயிலுக்குப் போட்ட நிழலை இடிக்குக் கணக்குக் காட்டச் சொல்கிறார்கள். என் கேள்வி அதுதான்.

பழைய லைன்மேன் | 11 அக்டோபர் 2024, காலை 6.20

தம்பி, முப்பது வருஷம் கம்பத்தில் ஏறினவன் சொல்கிறேன். இரும்பு இடியை இழுக்காது. உயரம்தான் இழுக்கும். கடப்பாரையைத் தோளில் நட்டுக்கொண்டு போனால் உன் உயரம் நாலடி கூடும், அதனால் ஆபத்து. தரையில் கிடக்கும் மண்வெட்டியால் ஒன்றும் இல்லை. போனிலும் ஒன்றும் இல்லை. கம்பி போட்ட பழைய வீட்டுப் போன் வேறு விஷயம்.

எனக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: யார் யார் எங்கே இருந்தார்கள்? மரத்தில் சாய்ந்திருந்தவர் யார், தள்ளி நின்றவர் யார், யாருக்கு எங்கே அடி? அதை வைத்துத்தான் என்ன நடந்தது என்று சொல்ல முடியும்.

கண்மாய்க்கரை | 11 அக்டோபர் 2024, காலை 8.05

தம்பி இல்லை ஐயா, நான் பெண்.

புளியமரத்தில் உச்சியிலிருந்து வேர் வரை ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்து கிடக்கிறது. உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது, தச்சர் இழைத்த மாதிரி. அடிமரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தவர்தான் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்கா. மூச்சு நின்றுபோய்விட்டது. காதில் தோடு இருந்த இடம் தீய்ந்திருந்தது. அவருக்கு அடுத்து இருந்த இரண்டு பேருக்குத் தோளிலும் கழுத்திலும் சூடு பட்ட தடம். ஒருத்திக்கு முதுகில் பெரணிச் செடி வரைந்த மாதிரிச் சிவப்புக் கோடு. மறுநாள் பார்த்தால் அது இல்லை.

எனக்குப் புரியாதது மற்ற மூன்று பேர். தார்ப்பாய்க்கு வெளியே, மரத்திலிருந்து இருபது தப்படி தள்ளிக் காலை அகட்டி நின்றிருந்தார்கள். உடம்பில் ஒரு காயம் கிடையாது. மூன்று பேரும் பொத்தென்று விழுந்தார்கள். இரண்டு மணி நேரம் காலே இல்லை என்று அழுதார்கள். தொட்டால் ஐஸ் மாதிரிக் கால், நீலம் பாரித்திருந்தது. சாயங்காலம் எழுந்து நடந்துவிட்டார்கள்.

பழைய லைன்மேன் | 11 அக்டோபர் 2024, காலை 9.30

மன்னிக்கணும் அம்மா.

அந்த மூன்று பேர் மேல் இடி விழவே இல்லை. மரத்தில் இறங்கியது வேரோடு தரையில் பரவும். மரத்துக்குக் கிட்டே இருக்கும் தரைக்கும் தள்ளி இருக்கும் தரைக்கும் மின்னழுத்தம் வேறுபடும். காலை அகட்டி நின்றால் ஒரு பாதம் ஓர் அழுத்தத்தில், மறு பாதம் வேறோர் அழுத்தத்தில். ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடும். அறுந்த கம்பி தரையில் கிடந்தால் காலைச் சேர்த்துக் குதித்துக் குதித்து விலகச் சொல்வதும் இதற்காகத்தான். மாட்டுக்கு முன்காலும் பின்காலும் தூரம் அதிகம், நடுவில் இதயம் இருக்கிறது. மரத்தடியில் மாடு சாவதும் பக்கத்தில் மனிதன் பிழைப்பதும் அதனால்தான். இடியில் அடிபடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அடி இந்தத் தரை வழியாகத்தான் வருகிறது. தலையில் நேரே விழுவது நூற்றில் மூன்றோ ஐந்தோதான்.

மரத்தை ஒட்டி இருந்தவர்களுக்கு அது மரத்திலிருந்து பக்கவாட்டில் தாவியிருக்கிறது. மரத்தைவிட மனித உடம்பு அதற்கு நல்ல வழி.

இரவுப்பணி செவிலி | 11 அக்டோபர் 2024, பிற்பகல் 2.10

கால் நீலம் பாரித்துச் செயலிழப்பது இடிக்கே உரியது. ரத்தக்குழாய் சுருங்கிவிடும், நாடிகூடக் கிடைக்காது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகத் திரும்பும். அதற்காக அவர்களைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஆறு பேருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்களா? காதுக்குள் பார்த்தார்களா? இடியில் செவிப்பறை கிழிவது சாதாரணம். வலி இல்லாததால் சொல்லவே மாட்டார்கள்.

மூச்சு நின்ற அக்காவை யார் திருப்பிக் கொண்டுவந்தது?

கண்மாய்க்கரை | 11 அக்டோபர் 2024, இரவு 8.45

எங்கள் ஊரில் பாராமெடிக்கல் படிக்கும் பெண் ஒருத்தி. அவள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் "தொடாதே, உடம்பில் கரண்ட் இருக்கும்" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. நெஞ்சை அமுக்கினாள், வாயில் ஊதினாள். நாங்கள் கால் போய் அழுதுகொண்டிருந்த மூன்று பேரைச் சுற்றி நின்றோம். சத்தம் போடாமல் கிடந்தவரை அவள் ஒருத்திதான் பார்த்தாள். நாலைந்து நிமிஷம் இருக்கும், ஒரு விக்கல் மாதிரி வந்தது. 108 வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

ஈ.சி.ஜி. மூன்று பேருக்குத்தான் எடுத்தார்கள். நாளைக்கே மற்றவர்களையும் கூட்டிப் போகிறேன்.

இரவுப்பணி செவிலி | 11 அக்டோபர் 2024, இரவு 9.20

அந்தப் பெண் செய்ததுதான் சரி. பலர் அடிபடும் மற்ற விபத்தில் மூச்சும் நாடியும் இல்லாமல் கிடப்பவரைக் கடைசியில் பார்ப்போம். இடியில் நேர் எதிர். அழுகிறவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். மூச்சில்லாமல் கிடப்பவரை முதலில் பார்க்க வேண்டும். இதயம் சில சமயம் தானே திரும்ப ஓடத் தொடங்கும், ஆனால் மூச்சு திரும்ப நேரமாகும். அந்த இடைவெளியில் யாராவது ஊதினால்தான் உண்டு. உடம்பில் கரண்ட் தங்காது. இதை உங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மாடிவீடு | 12 அக்டோபர் 2024, காலை 7.00

நாங்கள் மாடி கட்டியிருக்கிறோம். போன மாதம் இடியில் டிவியும் மோட்டார் ஸ்டார்ட்டரும் போய்விட்டது. இடிதாங்கி வைத்தால் சுற்றி எத்தனை வீட்டுக்குக் காக்கும்? நூறு மீட்டர் என்று ஒருவர் விலை சொன்னார்.

பழைய லைன்மேன் | 12 அக்டோபர் 2024, காலை 7.40

நூறு மீட்டரை நம்பாதீர்கள். ஏறக்குறைய அதன் உயரம் எவ்வளவோ, சுற்றிலும் அவ்வளவு தூரத்துக்குத்தான் துணை. டிவி போனது கம்பி வழியாகத் திடீரென்று ஏறி வந்த மின்னழுத்தத்தில், அதற்கு இடிதாங்கி உதவாது. தனி இழை போடுங்கள், சொல்கிறேன். இங்கே அந்த அம்மாவுக்குத் திங்கட்கிழமை கெடு.

உப்புக்காற்று | 12 அக்டோபர் 2024, பிற்பகல் 1.30

வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை. எங்களுக்கு மரமும் கிடையாது, கரையும் கிடையாது. தண்ணீர் நிற்கும் பாத்தியில் முழங்கால் வரை நனைந்துகொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் நாங்கள்தான் உயரம். சித்திரை, வைகாசியில் கோடை இடி வந்தால் இன்ஜின் கொட்டகைக்கு ஓடுவோம். சிமெண்ட் ஷீட், மூன்று பக்கம் திறப்பு. ஒரு தடவை நான் இன்ஜின் மேல் கை வைத்திருந்தேன். தூரத்தில் எங்கோ விழுந்தது, கை உதறியது. அந்தக் கொட்டகையும் நிழற்கூடக் கணக்கில்தான் வருகிறது.

குத்துக்காலிட்டு உட்காரச் சொல்கிறார்களே, அது உதவுமா?

வெட்டவெளி | 12 அக்டோபர் 2024, பிற்பகல் 2.00

உதவும். பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து, காதைப் பொத்தி, குந்த வேண்டும். அரசாங்க விளம்பரத்திலேயே படம் போட்டிருக்கிறார்கள். ரப்பர் செருப்பும் போட்டிருக்க வேண்டும்.

பழைய லைன்மேன் | 12 அக்டோபர் 2024, மாலை 4.45

பாதத்தைச் சேர்ப்பது சரி. கூட்டமாக நிற்காமல் ஆளுக்கு ஆள் இடைவெளி விடுவதும் சரி. ஒரே அடியில் எல்லோரும் விழாமல், தூக்கிவிட ஆள் மிச்சம் இருக்கும். செருப்பு விஷயம் தப்பு. ஒன்றிரண்டு மைல் காற்றைப் பிளந்துகொண்டு வருவதை அரை அங்குல ரப்பர் நிறுத்தாது.

குந்துவது பற்றி எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்க வானிலைத் துறை அந்த அறிவுரையைக் கைவிட்டுவிட்டது. குந்தினால் போதும் என்று நம்பி ஆட்கள் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். நடக்க வழியிருந்தால் நடக்க வேண்டும்.

வெட்டவெளி | 12 அக்டோபர் 2024, மாலை 5.10

உப்பளத்தில் எங்கே ஐயா நடப்பது? ஒன்றுமே இல்லாத இடத்தில் குந்துவது எழுந்து நிற்பதைவிட மேல்தானே.

கண்மாய்க்கரை | 13 அக்டோபர் 2024, இரவு 11.20

நாளைக்குக் கொடுக்க வேண்டும். நேரக் கணக்கை எழுதிப் பார்த்தேன். என் டைரி, போனில் இருக்கும் போட்டோக்களின் நேரம், வாட்ஸ்அப் மூன்றையும் சேர்த்து.

காலையில் சர்வர் இழுத்ததால் முதல் வருகைப் போட்டோ 10.20க்குத்தான் ஏறியது. இரண்டாவது போட்டோவுக்கு நான்கு மணி நேரம் ஆக வேண்டும். அதாவது 2.20.

1.05க்கு வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை. அடுத்த 3 மணி நேரத்தில் எங்கள் மாவட்டம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மிதமான மழை. அந்த வாரம் நாலாவது முறையாக வந்த அதே வாசகம். நான் படித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

2.10க்கு மேற்கே முதல் இடி. மின்னல் வெட்டியபோது நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். குடத்தை மூடி, டம்ளரைக் கவிழ்த்து, தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிய பிறகுதான் சத்தம் வந்தது. இன்றைக்கு அதே குடத்தை வைத்துச் செய்து பார்த்தேன், 24 வினாடி. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் எட்டு கிலோமீட்டர்.

2.16க்குத் தூறல். எல்லோரும் தார்ப்பாய்க்குள்ளும் மரத்தைச் சுற்றியும் வந்துவிட்டார்கள். போட்டோ எடுக்காமல் அனுப்பினால் 58 பேருக்கும் 319 ரூபாய் போய்விடுமோ என்று நான் நிறுத்தி வைத்தேன். 2.24க்குப் போட்டோ ஏறியது. 2.29க்கு இடி விழுந்தது.

முதல் இடிக்கும் கடைசி இடிக்கும் நடுவே 19 நிமிஷம். அதில் 14 நிமிஷம் போட்டோவுக்குப் போனது. அக்கா மூச்சில்லாமல் கிடந்த படத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பழைய லைன்மேன் | 14 அக்டோபர் 2024, காலை 5.50

இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டீர்கள். ஒன்று கேட்கிறேன். பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் எது? எவ்வளவு தூரம்? உங்கள் நடை இல்லை, அந்தக் கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவருக்கு எவ்வளவு நேரம்?

கண்மாய்க்கரை | 14 அக்டோபர் 2024, காலை 9.15

இப்போதுதான் நடந்து பார்த்துவிட்டு வருகிறேன். எழுபது வயது அப்பத்தா ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வேலை நடந்த இடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு. 1.1 கிலோமீட்டர். பாதிக்கு மேல் கண்மாய்க் கரை, களிமண், மழையில் வழுக்கும். 19 நிமிஷம்.

அதே 19 நிமிஷம். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

முதல் இடி கேட்டதும் போட்டோவை நினைக்காமல் கிளப்பியிருந்தால்கூட, சாமான் எடுக்க நாலு நிமிஷம், நடக்க 19. இடி விழுந்த நேரத்தில் அப்பத்தாவும் இன்னும் பத்துப் பேரும் கரை மேல் இருந்திருப்பார்கள். சுற்றிலும் கரையைவிட உயரமாக ஒன்றுமில்லை. முந்தின பதிவில் எல்லாப் பழியையும் போட்டோ மேல் போட்டிருந்தேன். அது பாதிதான் சரி.

பழைய லைன்மேன் | 14 அக்டோபர் 2024, காலை 10.00

இதைத்தான் எழுத வேண்டும். முதல் இடியில் நிறுத்து என்ற விதி கட்டடம் பக்கத்தில் இருப்பவனுக்கு. காற்று எதிரே அடித்தால் பத்து கிலோமீட்டர் இடிகூடக் கேட்காது. உங்கள் இடத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் முன்னறிவு வேண்டும். அதற்குக் காது போதாது. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் விட்ட தாமினி செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டம் போட்டு, கடந்த 5, 10, 15 நிமிஷத்தில் விழுந்த இடிகளை நிறம் பிரித்துக் காட்டும். 40 வட்டத்துக்குள் வந்து உங்களை நோக்கி நகர்கிறது என்றால் சாமானை எடுக்கச் சொல்லுங்கள். 20 வரை காத்திருக்காதீர்கள்.

கண்மாய்க்குள் நெட் கிடைக்காதென்றால் ஊருக்குள் இருக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லிப் போன் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது.

கண்மாய்க்கரை | 14 அக்டோபர் 2024, மாலை 6.30

கொடுத்துவிட்டேன். இரண்டு கட்டத்திலும் "இணைப்பைப் பார்க்க" என்று எழுதி, தனியே ஒன்றரைப் பக்கம் வைத்தேன். எச்சரிக்கை வந்த நேரம், அதன் வாசகம், தொழிலாளர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது. முதல் இடி நேரம், 24 வினாடி. வேலை நிறுத்திய நேரம் என்ற இடத்தில் "நிறுத்தப்படவில்லை, மழைக்கு ஒதுங்கினர்". தார்ப்பாய் வெயிலுக்குக் கட்டியது, மரத்தோடு கட்டியது. கட்டடம் 1.1 கி.மீ., 19 நிமிஷம்.

வாங்கியவர் படித்துவிட்டு, "இது உங்களுக்கே வினையாகும், ஆம் போட்டுவிடுங்கள்" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மாற்றவில்லை.

உப்புக்காற்று | 14 அக்டோபர் 2024, இரவு 9.00

வேலையை முன்கூட்டியே நிறுத்தினால் அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது? எங்களுக்கு எவ்வளவு உப்பு வாரினோமோ அதற்குத்தான் காசு. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கண்மாய்க்கரை | 3 நவம்பர் 2024, இரவு 8.20

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது காது கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை, அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார் என்று மகள் சொல்கிறாள். செவிலி அக்கா சொன்ன பிறகு கூட்டிப் போனதில் இன்னொருவருக்கும் செவிப்பறை கிழிந்திருந்தது தெரிந்தது.

பேரிடர் நிவாரணக் கணக்கில் ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்தால் 16,000, அதற்குக் கீழே என்றால் 5,400. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. காதுக்குத் தனியாக ஊனச் சான்றிதழ் கேட்கிறார்கள். அலைந்துகொண்டிருக்கிறேன்.

கண்மாய்க்கரை | 18 அக்டோபர் 2025, இரவு 10.05

ஒரு வருஷம் கழித்து இந்த இழைக்கு வருகிறேன். கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்த நான்கு பெண்கள் நேற்று முன்தினம் இடி விழுந்து செத்துப்போனார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு என் நோட்டை எடுத்தேன்.

கோடு போட்ட சாதா நோட்டுதான். தேதி, எச்சரிக்கை வந்த நேரம், எத்தனை பேருக்குச் சொன்னேன், வட்டத்துக்குள் வந்த நேரம், கிளம்பிய நேரம், கடைசி ஆள் உள்ளே போன நேரம். கடைசி ஆள் யார் என்றும் எழுதுவேன், அடுத்த முறை அவரை முதலில் கிளப்புவதற்காக. எச்சரிக்கை வந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வரத்துக்காலைத்தான் வெட்டுகிறோம், தூரத்து வரத்துக்காலை மற்ற நாளைக்கு வைக்கிறோம். அதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வருஷத்தில் ஏழு முறை கிளப்பியிருக்கிறேன். ஐந்து முறை ஒன்றும் வரவில்லை, திட்டு வாங்கினேன். இரண்டு முறை இரண்டாவது போட்டோ எடுக்க முடியவில்லை. ஒன்றுக்குக் காரணம் எழுதிக் கொடுத்து வருகை வாங்கிவிட்டேன். இன்னொன்று இன்னும் தொங்குகிறது, 41 பேர் கூலி.

உப்புக்காற்று | 18 அக்டோபர் 2025, இரவு 10.40

அந்த 41 பேர் என்ன சொல்கிறார்கள்?

கண்மாய்க்கரை | 18 அக்டோபர் 2025, இரவு 11.00

பாதிப் பேர் கோபத்தில் இருக்கிறார்கள். காது போன அக்கா வேலைக்கு வருகிறார், நிழலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு இடிச் சத்தம் இடது காதில்தான் கேட்கும். மேகம் இருட்டினால் நான் செயலியைத் திறக்கும் முன்பே எழுந்து குடத்தைக் கவிழ்த்துவிடுகிறார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் மண்வெட்டியைக் கீழே போடுகிறார்கள்.